கடனட்டைக்கு மூன்று நாள் பிந்திக் கட்டினால் என்ன ஆகும்? திருகோணமலையிலிருந்து ஒரு கணக்கு

கடனட்டையின் தாமதக் கட்டணம் பற்றித் தமிழில் தேடினால் கிடைக்கும் காணொளிகளில் பெரும்பாலானவை இந்தியாவில் எடுக்கப்பட்டவை. அங்கே தாமதக் கட்டணத்துக்கும் வட்டிக்கும் மேல் 18% ஜிஎஸ்டி வரும். ஆனால் கெடு முடிந்து மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணமே போடலாம் என்பது இந்திய ரிசர்வ் வங்கியின் விதி. இந்த இரண்டையும் நம் அட்டைக்குப் பொருத்திப் பார்த்தால் கணக்கு பிழைக்கும். நம்முடைய கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம்.

முதலில் கூற்றை எடுத்து வையுங்கள்

மாதாந்தக் கூற்றில் நான்கு விடயங்கள் வேண்டும்: கூற்றுத் திகதி, கட்ட வேண்டிய கடைசித் திகதி, மொத்தத் தொகை, ஆகக்குறைந்த கொடுப்பனவு. தாமதக் கட்டணமும் ஆண்டு வட்டி வீதமும் வங்கியின் கட்டணப் பட்டியலில் இருக்கும். கடனட்டை வட்டிக்கு அப்போது இருந்த 18 வீத உச்சவரம்பை மத்திய வங்கி 2022 ஏப்ரலில் நீக்கிவிட்டது. அதனால் பழைய 18 வீதத்தை மனதில் வைத்துக் கணக்குப் பார்க்காதீர்கள். இங்கே உதாரணத்துக்கு வட்டி 28%, தாமதக் கட்டணம் 2,000 ரூபாய், ஆகக்குறைந்த கொடுப்பனவு 5% என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் அட்டையின் எண்களை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

உப்புவெளியில் விருந்தினர் விடுதி நடத்தும் ஒருவர், சீசனுக்காக மே 20ஆம் திகதி டவுனில் 90,000 ரூபாய்க்குப் பிரிட்ஜ் வாங்குகிறார். ஜூன் 15 கூற்றில் 90,000 வருகிறது, ஆகக்குறைந்தது 4,500. கடைசித் திகதி ஜூலை 5. அவர் முழுத் தொகையையும் கட்டியது ஜூலை 8.

தாமதக் கட்டணம்

வங்கி இதில் பார்ப்பது ஒன்றைத்தான்: ஜூலை 5க்குள் 4,500 ரூபாய் அட்டைக் கணக்குக்கு வந்ததா? வரவில்லை என்றால் 2,000. இதுபோல் நிலையான தொகை என்றால் 4,400 கட்டியிருந்தாலும் அதே 2,000தான், நூறு ரூபாய் குறைவு என்று சலுகை கிடைக்காது. காசோலையை ஐந்தாம் திகதி பெட்டியில் போட்டதும் போதாது, பணம் தெளிந்து வர நாள் எடுக்கும். கடைசித் திகதி போயாவிலோ ஞாயிறிலோ விழுந்தால் அதற்கு முந்திய வேலை நாளிலேயே கட்டிவிடுவது பாதுகாப்பு.

வட்டி

நிறையப் பேருக்கு அதிர்ச்சி தருவது இந்த இடம்தான். மூன்று நாள்தானே பிந்தியது, மூன்று நாள் வட்டிதானே என்று நினைப்போம். அப்படி இல்லை. முழுத் தொகையும் உரிய நாளுக்குள் வந்தால் மட்டுமே வட்டியில்லாக் காலம் உண்டு. தவறினால், பொதுவாக, பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். மே 20 முதல் ஜூலை 8 வரை 49 நாள்.

```
90,000 × 28% ÷ 365 × 49 = 3,383
```

சரி, 4,500 ரூபாயை மட்டும் நேரத்துக்குக் கட்டி, மிச்சத்தை எட்டாம் திகதி கட்டியிருந்தால்? 46 நாளுக்கு 90,000 மேல் 3,176, கடைசி மூன்று நாளுக்கு 85,500 மேல் 197, மொத்தம் 3,373. வட்டியில் பத்து ரூபாய்தான் மிச்சம். தாமதக் கட்டணம் 2,000 மட்டும் தப்பும். ஆகக்குறைந்த கொடுப்பனவு தாமதக் கட்டணத்தைத் தடுக்கும், வட்டியைத் தடுக்காது. இதை விளங்கிக்கொண்டால் கூற்றில் பாதி புரிந்த மாதிரி.

வரி

இப்போது அவருக்கு வரும் மேலதிகச் செலவு 2,000 + 3,383 = 5,383. இதன் மேல் இந்தியாவில் போல 18% சேர்க்க வேண்டாம். நிதிச் சேவைகள் மீதான வற் வரியை வங்கி தன் இலாபத்தையும் சம்பளச் செலவையும் வைத்துக் கணக்கிட்டுத் தானே கட்டுகிறது. அது உங்கள் கூற்றில் வட்டிக்குக் கீழே தனியாக விழுவதில்லை. முத்திரைத் தீர்வை என்று ஒரு வரியைக் கண்டால், அது வெளிநாட்டு இணையத்தளத்தில் வாங்கியது போன்ற அட்டைப் பாவனைக்கானது. பிந்திக் கட்டியதற்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

அடுத்த கூற்று வந்ததும்

ஜூலை 15 கூற்றில் தாமதக் கட்டணமும் வட்டியும் தனித்தனியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வட்டி உங்கள் கணக்கைவிடச் சில நூறு ரூபாய் கூட இருந்தால், எந்த நாளிலிருந்து எண்ணினார்கள், பணம் எந்தத் திகதியில் பதிவானது என்று கேளுங்கள். தாமதக் கட்டணத்தை நீக்கித் தரும்படி வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்துக் கேட்கலாம். இதுவரை ஒழுங்காகக் கட்டியவர் என்றால் இணங்க வாய்ப்பு உண்டு, வட்டியை விட்டுக்கொடுப்பது அரிது. பேசி முடியும்வரை அந்த 2,000ஐக் கட்டாமல் வைத்திருக்காதீர்கள். கட்டணமும் நிலுவையில் சேர்ந்து அதற்கும் வட்டி ஏறக்கூடும். கட்டிவிட்டுக் கேளுங்கள், நீக்கினால் அட்டையில் வரவாகவே வந்துவிடும்.