பைவீக்லியை ஊகித்துத் திருத்தாதீர்கள்

எழுத்துப்பிழை, காற்புள்ளி பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அவற்றுக்குத் திரையிலேயே சிவப்புக் கோடு விழுந்துவிடும். கூட்டத்தின் தேதியை மாற்றி அனுப்பும் மின்னஞ்சலில் கோடே விழாத பிழைகள்தான் ஆளைக் கவிழ்ப்பவை. எங்கள் சிங்கப்பூர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்கிறவர்கள் வருஷா வருஷம் அதே இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

பைவீக்லியைத் தானாகவே திருத்துவது

இது ஒன்றுதான் எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுகிறது. பைவீக்லி என்ற சொல்லுக்கு ஆங்கில அகராதிகளே இரண்டு பொருள் தருகின்றன: வாரம் இருமுறை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. வருஷக் கணக்கில் பார்த்தால் முன்னது 104 கூட்டம், பின்னது 26. எழுதியவர் மனதில் எது இருந்தது என்பதை அந்தச் சொல்லை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

இந்த ஆண்டு, 2026இல், ஒரு மேலாளர் எழுதிய வரைவு இப்படி இருந்தது: "நம் செவ்வாய்க்கிழமைக் கூட்டம் இனி பைவீக்லி. முதல் கூட்டம் ஜூன் 2, காலை 10.30." பிழை திருத்த உட்கார்ந்த பெண் அதை 'டுவைஸ் எ வீக்' என்று மாற்றினார். வாரம் இருமுறை என்றால் இரண்டு கிழமை வேண்டுமே, ஒன்றுதானே இருக்கிறது? அங்கேயாவது நின்றிருக்கலாம். அவரே 'வியாழன்' என்று ஒன்றைச் சேர்த்துவிட்டார். ஒரு ஊகத்துக்கு முட்டுக் கொடுக்க இன்னொரு ஊகம்! வியாழன்தோறும் அறை பதிவானது. ஜொகூரிலிருந்து விடியற்காலையில் பாலம் தாண்டி வந்த இரண்டு பேர் காலி அறையில் காபி குடித்துவிட்டுத் திரும்பினார்கள். மேலாளர் கேட்டதோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.

"பை என்றால் இரண்டுதானே அக்கா?" என்றார் அந்தப் பெண். இரண்டுதான். ஆனால் இரண்டு கூட்டமா, இரண்டு வாரமா?

கிழமை எத்தனை இருக்கிறது என்று எண்ணுவது முதல் சோதனை. ஒரே கிழமை என்றால் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாக இருக்கும். ஆனால் அது குறிப்புதான், தீர்ப்பு இல்லை. அடுத்து, ஏற்கெனவே நாட்காட்டி அழைப்பு போயிருந்தால் அதைத் திறந்து, எத்தனை வாரத்துக்கு ஒருமுறை என்று பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். அதோடு ஒத்துப்போகாவிட்டால் எழுதியவரிடமே கேட்க வேண்டியதுதான்.

கேட்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. "பைவீக்லி என்றால் என்ன அர்த்தத்தில் எழுதினீர்கள்?" என்று கேட்டால், "வழக்கமான பைவீக்லிதான்" என்று பதில் வரும். "ஜூன் 2க்கு அப்புறம் அடுத்த கூட்டம் ஜூன் 4ஆ, 16ஆ?" என்று கேளுங்கள். ஒரே வரியில் முடிந்துவிடும்.

ஃபோர்ட்நைட்லி என்று மாற்றிவிட்டால் போதும் என்று நினைப்பது

பாதிதான் போதும். சிங்கப்பூரிலும் சென்னையிலும் ஃபோர்ட்நைட் என்றால் 14 நாள் என்று தெரியும். அமெரிக்கர்கள் அந்தச் சொல்லை அதிகம் புழங்குவதில்லை, அவர்களுக்குப் போகும் மடலில் 'இரண்டு வாரத்துக்கு ஒருமுறை' என்றே விரித்து எழுதிவிடலாம்.

நம்மவர்களுக்கு வேறொரு குழி இருக்கிறது. மாதமிருமுறை இதழ் படித்து வளர்ந்த பழக்கத்தில், ஃபோர்ட்நைட்லி என்றதும் முதல், மூன்றாம் செவ்வாய் என்று குறித்துக்கொள்கிறோம். மாதமிருமுறை என்றால் வருஷத்துக்கு 24, ஃபோர்ட்நைட்லி என்றால் 26. இந்த ஜூனில் ஐந்து செவ்வாய். 2, 16 வரை இரண்டு கணக்கும் ஒன்றாகத்தான் போகும், யாருக்கும் சந்தேகம் வராது. அப்புறம் ஒருவர் ஜூன் 30 அன்று வருவார், மற்றவர் ஜூலை 7 அன்று. அதனால் முதல் மூன்று தேதியையாவது கிழமையோடு மடலில் எழுதச் சொல்கிறேன். இரண்டு தேதி இந்தப் பிழையைக் காட்டாது.

"ஒரு ஃபோர்ட்நைட் தள்ளிவைக்கப்படுகிறது"

எந்த நாளிலிருந்து? ஜூன் 2 கூட்டத்துக்கு மே 28 அன்று மடல் போனால், கூட்ட நாளிலிருந்து எண்ணுகிறவருக்கு ஜூன் 16, மடலைப் படித்த நாளிலிருந்து எண்ணுகிறவருக்கு ஜூன் 11. புதிய தேதியைப் போட்டுவிட்டு அந்தச் சொல்லையே எடுத்துவிடுங்கள்.

"அடுத்த செவ்வாய்"

தேதி எழுதுங்கள்.

மணி

சென்னைக் குழுவுக்கும் போகிறதா? சிங்கப்பூர் 10.30 அங்கே காலை 8.00. இரண்டையும் எழுதுங்கள்.

தலைப்பு வரி

உள்ளே எல்லாம் திருத்திவிட்டுப் பழைய தேதியைத் தலைப்பில் விட்டுவிடுவார்கள். கைப்பேசியில் பாதிப் பேர் அந்த வரியை மட்டும்தான் பார்க்கிறார்கள்.