ஜவுளிக்கடையின் ஆண்டுப் பட அட்டவணை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊர்க்கடைகளுக்குப் புதிதாக விளம்பரப் படம் செய்ய வருகிறவர்களின் அட்டவணைகளை அடிக்கடி பார்க்கிறேன். எழுத்துப்பிழை, மங்கலான படம் எல்லாம் தானாகச் சரியாகிவிடும். கடைக்காரரின் காசைக் கரைக்கும் தவறுகள் வேறு.

கல்யாணப் படத்தைக் கல்யாண மாதத்தில் போடுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. தை பிறந்தால் முகூர்த்தம் என்று தை முதல் தேதியில் மணப்பெண் படத்தை ஏற்றுகிறார்கள். ஆனால் மார்கழியில் நல்ல காரியம் தொடங்கத் தயங்கும் வீடுகள் கார்த்திகையிலேயே ஜவுளி எடுத்துவிடும். ரவிக்கையில் ஆரி வேலை செய்யவும் தைக்கவும் வாரக்கணக்கில் ஆகும் என்பதும் ஒரு காரணம். எனக்குத் தெரிந்த ஒரு கடை நகை, மேக்கப்போடு மாடல் வைத்துப் படமெடுத்துத் தையில் போட்டது. வந்தவர்கள் கேட்டதெல்லாம் உறவுக்காரர்களுக்கு வைத்துக்கொடுக்கும் புடவைதான். முகூர்த்தப் பட்டு வேறு கடையில் எடுத்து முடித்திருந்தார்கள்.

தினசரிக் காலண்டரில் முகூர்த்த நாள்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டுக்கு அங்கிருந்து 45 நாள் பின்னால் எண்ணுங்கள், வைத்துக்கொடுக்கும் புடவைக்கு 15 நாள் போதும். பிப்ரவரி நடுவில் முகூர்த்தம் என்றால் பட்டுக்கான நாள் ஜனவரித் தொடக்கத்தில், அதாவது மார்கழியில் விழும். அதைக் கார்த்திகைக்குத் தள்ளுங்கள், டிசம்பர் 15-க்குள் படம் போய்விட வேண்டும். ஆவணி முகூர்த்தத்துக்கும் இதே கணக்குதான்: ஆனியில் ஒரு படம், ஆடிப்பெருக்கை ஒட்டி இன்னொன்று. ஆடி முழுக்கத் தள்ளுபடிப் படமே ஓடினால், பதினெட்டாம் பெருக்கில் பட்டெடுக்க நினைக்கும் குடும்பத்துக்கு உங்கள் கடை ஞாபகம் வராது.

படமும் வேறாக இருக்க வேண்டும். பட்டு எடுக்க வருகிற அம்மாவுக்கு மணப்பெண்ணின் நகை தேவையில்லை. பாயில் விரித்த புடவையில் முந்தானையும் கரையும் தெளிவாகத் தெரிய வேண்டும், பக்கத்திலேயே ஆரம்ப விலை இருக்க வேண்டும். வைத்துக்கொடுக்கும் புடவைக்கு ஒரே விலையில் பல நிறங்களை அடுக்கிக் காட்டினால் போதும்.

போன வருட அட்டவணையைத் தேதியோடு நகலெடுப்பது

2025-இல் தீபாவளி அக்டோபர் 20. 2026-இல் நவம்பர் 8. இடையில் 19 நாள் வித்தியாசம். ரம்ஜான் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே வரும். பொங்கல் மட்டும்தான் அநேகமாக அசையாது.

ஜூனில் குடைப் படம்

கேரளத்துக்குச் சரி. தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு மழை என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. தீபாவளிக் கூட்டமும் அதே மழையில்தான் வரும். அதனால் அப்போது மழைக்கென்று தனிப் படம் வேண்டாம். தீபாவளிப் படத்திலேயே வண்டி நிறுத்தும் இடத்தையும் கடை திறந்திருக்கும் நேரத்தையும் சேருங்கள்.

தேர்வு

மார்ச்சில் பிளஸ் டூ வீடுகளை விட்டுவிடுங்கள். சீருடைப் படம் மே கடைசியில்.