ஆறு மாதக் கணக்கில் நாம் தவறுமிடங்கள்: கவலையும் பதற்றக் கோளாறும்

டர்பனுக்குத் தெற்கே சாட்ஸ்வொர்த்தில், தமிழ் பேசும் பெரியவர்கள் வந்து போகிற ஓர் ஆலோசனை அறையில் பல வருடங்களாக உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே வருகிறவர் முதலில் சொல்வது பெரும்பாலும் உடம்பைப் பற்றித்தான் இருக்கும். நெஞ்சு படபடக்கிறது, கழுத்து இறுகிக்கிடக்கிறது, ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் பிறகு தூக்கமில்லை என்பார்கள். துணைக்கு வந்தவர் உடனே அதற்கு ஒரு காரணமும் சொல்லிவிடுவார். அந்தக் காரணம் பொய்யாக இருப்பதில்லை. அதையே தொடக்கப் புள்ளியாக வைத்து நாள் எண்ணத் தொடங்குவதில்தான் பிழை வருகிறது.

கீழே வரும் அக்கா ஒரே ஆள் அல்ல. பலரிடம் கேட்டதைச் சேர்த்து, அடையாளம் தெரியாதபடி ஒருவராக்கியிருக்கிறேன்.

வயது 47. ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். மார்ச் நடுவில் வந்தார். "மூணு வாரமா தூக்கமே இல்ல தம்பி" என்றார். பிப்ரவரி கடைசியில் அவருடைய தம்பியின் காரைத் துப்பாக்கியைக் காட்டிப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். தம்பிக்குக் காயமில்லை. கூட வந்த கணவர், "இந்த ஊர்ல இப்படி நடந்தா யாருக்குத்தான் தூக்கம் வரும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நானும் "சம்பவத்தால் வந்த அதிர்ச்சி, மூன்று வாரம்" என்று எழுதி முடித்துவிட இருந்தேன்.

பொதுமைப்பட்ட பதற்றக் கோளாறு என்று மருத்துவர்கள் சொல்வதற்கு டிஎஸ்எம் என்னும் அமெரிக்க மனநலக் கையேட்டில் ஒரு காலக்கணக்கு இருக்கிறது. பல விஷயங்களைப் பற்றிய அளவுமீறிய கவலை, குறைந்தது ஆறு மாதமாக, இல்லாத நாட்களைவிட இருக்கும் நாட்களே அதிகம் என்ற அளவில் இருக்க வேண்டும். நிறுத்த நினைத்தாலும் அது நிற்கக் கூடாது. அதோடு நிலைகொள்ளாமை, சீக்கிரம் களைத்துப்போதல், மனம் குவியாமை, எரிச்சல், தசை இறுக்கம், தூக்கக் கேடு ஆகிய ஆறில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். குழந்தைகளுக்கு ஒன்று போதும். இவற்றால் வேலையோ குடும்பமோ கெட்டிருக்க வேண்டும், அல்லது ஆள் கடுமையாக வதைபட்டிருக்க வேண்டும். 1980-ல் இந்தக் கோளாறுக்குத் தனிப் பெயர் கொடுத்தபோது ஒரு மாதமே போதும் என்று வைத்திருந்தார்கள். ஒரு துக்கமோ நெருக்கடியோ வந்தவர் ஒரு மாதம் இப்படி இருப்பது சாதாரணம். அப்படித் தானாகத் தணிகிறவர்களும் இந்தக் கணக்குக்குள் வந்துவிடுவார்கள். 1987-ல் அதை ஆறு மாதமாக்கினார்கள். ஆகவே ஆறு மாதம் என்பது, தானாகத் தணியும் கவலையையும் தணியாததையும் பிரிக்கப் போட்ட வரப்பு. அதற்கு ஒரு நாள் முன்னே நலமாக இருந்து மறுநாள் நோயாளியாகிறவர் யாரும் இல்லை.

அந்த அக்காவிடம் "இது எப்போது தொடங்கியது?" என்று மறுபடி கேட்டிருந்தால் மறுபடியும் கார்தான் வந்திருக்கும். ஆறு மாதத்துக்கு முந்தைய மனநிலையைத் தேதி வைத்து யாருக்கும் சொல்லத் தெரியாது. திருநாளை வைத்துக் கேட்டால் நம் ஆட்கள் துல்லியமாகச் சொல்வார்கள். எனவே பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே போனேன்.

தைப்பூசத்தின்போது எப்படி இருந்தது? "காவடி பாக்கப் போனேன். ஆனா மனசெல்லாம் பொண்ணுக்குக் காலேஜ்ல எடம் கெடைக்குமான்னே இருந்துச்சு." மெட்ரிக் முடிவு ஜனவரியிலேயே வந்துவிட்டது, மதிப்பெண்ணும் நன்றாகவே இருந்தது. இருந்தும் கவலை அடங்கவில்லை, வேறு உருவம் எடுத்தது. தீபாவளிக்கு? பரீட்சை நடந்துகொண்டிருந்தது. மகள் படித்து முடித்துத் தூங்கிய பிறகும் இவர் மட்டும் கூடத்தில் உட்கார்ந்திருந்தாராம். புரட்டாசி விரதத்தின்போது? கணவருக்கு ரத்தத்தில் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது என்று கிளினிக்கில் சொன்னார்கள். அன்றிரவே கணவரின் காலை எடுத்துவிட்டதாகவும், வீட்டுக் கடன் கட்ட முடியாமல் வீடு போய்விட்டதாகவும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறார். அதற்கு முன்னே, ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றியபோது? சற்று யோசித்துவிட்டு, "அப்ப நல்லாத்தான் இருந்தேன்" என்றார்.

புரட்டாசி செப்டம்பர் நடுவில் பிறக்கிறது. அங்கிருந்து மார்ச் நடுவரை ஆறு மாதம். கார் திருட்டு இந்தக் கதையின் ஐந்தாவது மாதத்துக்குப் பிறகு வந்து சேர்ந்தது. சர்க்கரை, பரீட்சை, கல்லூரி, கார் என்று கவலைக்குப் பொருள் மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஒன்று தீர்ந்தால் மனம் கொஞ்சமாவது ஆறும் என்பது சாதாரணக் கவலையின் குணம். இங்கே ஒன்று தீர்ந்ததும் அந்த இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது. கடைசியாக நடந்ததை வைத்து நாள் எண்ணினால் இது கண்ணில் படவே படாது.

அப்போது கணவர் குறுக்கிட்டார். "டிசம்பர் லீவுல நல்லாத்தானே இருந்தா? கடற்கரைக்கெல்லாம் வந்தாளே." நல்ல நாள் ஒன்று வந்தால் கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. கேட்கப்படுவது, பாதிக்கு மேற்பட்ட நாட்களா என்பது மட்டும்தான். ஆறு மாதம் என்றால் சுமார் 182 நாள், பாதி 91. டிசம்பரில் இரண்டு வாரத்தைக் கழித்தால் மீதி 24 வாரம். ஒரு சாதாரண வாரத்தில் எத்தனை நாள் மோசம் என்று கேட்டதற்கு, கொஞ்ச நேரம் விரலில் எண்ணிவிட்டு ஐந்து என்றார். 120 நாள் ஆகிறது. அவருடைய நினைவு கொஞ்சம் கூட்டிச் சொன்னது, வாரத்துக்கு நான்குதான் என்று வைத்தாலும் 96. வாரத்துக்கு இரண்டு நாள் என்று சொல்லியிருந்தால் நான் வேறு மாதிரி யோசித்திருப்பேன்.

நாட்கள் கூடிவிட்டன என்பதோடும் முடியவில்லை. தூக்கம் கெட்டது, கழுத்து இறுக்கம், ஒரே பில்லை நான்கு தடவை கூட்டிப் பார்ப்பது, மகள்மேல் எரிந்து விழுவது, காலையிலேயே அசதி என்று ஆறில் ஐந்து இருந்தன. வேலை நேரத்தில் கணவருக்கு எட்டு ஒன்பது தடவை போன் செய்வதால் முதலாளி ஏற்கெனவே பேசிவிட்டார். "நிறுத்தணும்னு நெனைக்கிறேன் தம்பி, அது என் பேச்சைக் கேக்கமாட்டேங்குது" என்றார். அளவுமீறியதா என்பதற்கு நான் அதிகம் நம்புவது இந்த மாதிரி வாக்கியத்தைத்தான்.

இதற்கு நேர்மாறான ஆளும் உண்டு. துணி ஆலையில் ஆட்குறைப்பில் வேலை போனவர், எட்டு மாதம் சம்பளமில்லை. வீட்டுக் கடன் தவணை நெருங்கும் வாரத்தில் தூங்கமாட்டார். தவணை கட்டிவிட்டால் தூங்குவார். கிரிக்கெட் பார்க்கும்போது கிரிக்கெட்தான் பார்ப்பார். கவலை எல்லாம் பணத்தைப் பற்றி மட்டும், கையில் இருந்த பணத்துக்கு அந்தக் கவலை பொருத்தமும்கூட. வேறு வேலை கிடைத்த சில வாரங்களில் ஆள் பழையபடி ஆகிவிட்டார். எட்டு மாதம் ஆறைவிடப் பெரிது என்பதற்காக அவருக்கு இந்தப் பெயரைக் கொடுத்திருந்தால் அது தவறு. உண்மையான நெருக்கடி நீண்டால் கவலையும் நீளும்.

காரைப் பறிகொடுத்த தம்பி வேறொரு வகை. அந்தச் சாலையில் போக மறுப்பது, கனவில் மறுபடி மறுபடி அதே துப்பாக்கி, பின்னால் யாராவது வந்தால் திடுக்கிடுவது என்று இருந்தால், அது ஒரு சம்பவத்தின் வடு. அதற்கு விதிகள் வேறு, காலக்கணக்கும் வேறு. அங்கே ஒரு மாதம்தான் எல்லைக்கோடு.

இப்போது பலர் கைப்பேசியிலேயே ஏழு கேள்விக்குப் பதில் போட்டு, எண்ணை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். ஜிஏடி-7 என்ற அந்தப் படிவம் 2006-ல் வெளிவந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 21. அக்காவுக்கு 14 வந்தது. 10-ம் அதற்கு மேலும் வந்தால் விரிவாக விசாரிக்க வேண்டும் என்பது வழக்கம். ஆனால் படிவம் கேட்பது கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி மட்டுமே. காரைப் பறிகொடுத்த தம்பிக்கும், மகன் ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஒரு தாய்க்கும் அதே 14 வரலாம். இந்த எண் இப்போது எவ்வளவு தீவிரம் என்று காட்டும், எத்தனை மாதமாக என்று காட்டாது. ஒரு மாதம் கழித்து மறுபடி நிரப்பி ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு நல்லது.

பெயர் வைப்பதற்கு முன் உடம்பையும் பார்க்க வேண்டும். தைராய்டு மிகையாகச் சுரந்தால் படபடப்பு, தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் அப்படியே வரும். ஆஸ்துமா பம்பை அடிக்கடி அடிப்பது, மூக்கடைப்புக்கான சில மாத்திரைகள், ஒரு நாளைக்கு ஆறேழு கப் காபி, மதுவை நிறுத்திய முதல் நாட்கள் ஆகியவையும் இதே வேடம் போடும். நம் வீடுகளில் இந்த இடத்தில் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். சிலர் ஈசிஜி, ரத்தம், ஸ்கேன் என்று வருடக்கணக்காகச் சோதித்துக்கொண்டே இருப்பார்கள், மனதைப் பற்றி யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். வேறு சிலர் கண்ணேறு என்று திருஷ்டி சுற்றிப் போட்டுவிட்டு ரத்தமே எடுக்கமாட்டார்கள். திருஷ்டி சுற்றுவதோடு எனக்குச் சண்டையில்லை, என் அம்மாவும் சுற்றுவார். ரத்தத்தையும் எடுத்துவிடுங்கள். அக்காவுக்குத் தைராய்டு சரியாக இருந்தது. காபி இரண்டு கப்தான்.

மருத்துவ உதவித் திட்டத்துக்கான படிவத்தில் F41.1 என்று எழுதுவதைப் பார்த்து, இது மனநோய் என்று வேலையில் தெரிந்துவிடுமோ எனக் கேட்பவர்கள் உண்டு. அது ஐசிடி-10 என்ற உலகப் பட்டியலின் குறியீடு, இந்தக் கோளாறுக்கு உரியது. அந்தப் பட்டியல் ஆறு மாதம் என்று எண் போடுவதில்லை. பெரும்பாலான நாட்களில், பல வாரங்கள் தொடர்ந்து, வழக்கமாகப் பல மாதங்கள் என்றுதான் சொல்கிறது. ஒரு மருத்துவர் நான்காம் மாதத்தில் இந்தப் பெயரை எழுத, இன்னொருவர் தயங்கினால், இருவரும் வெவ்வேறு நூலைப் பார்க்கிறார்கள் என்று மட்டும் இருக்கலாம்.

எல்லாவற்றிலும் என்னைச் சங்கடப்படுத்துவது, "ஆறு மாதம் ஆகட்டும், பிறகு போகலாம்" என்று காத்திருப்பது. பெயர் வைக்கத்தான் அந்தக் காலம், உதவி கேட்க அல்ல. இரண்டாம் மாதத்தில் வருகிறவரிடம் பெயர் எதையும் எழுதாமலேயே தூக்கத்தைச் சரிசெய்யலாம், பேச்சுவழிச் சிகிச்சையைத் தொடங்கலாம். செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு வந்துவிட்டால் நாள் எண்ணுவதையே விட்டுவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சடாக் என்று எல்லோரும் அழைக்கும் தென்னாப்பிரிக்க மனச்சோர்வு, பதற்றக் குழுவின் தொலைபேசி இரவிலும் எடுக்கப்படுகிறது.

அப்படி முன்னதாகவே வருகிறவர்களிடம் ஒரு சின்ன நாட்குறிப்பு வைக்கச் சொல்கிறேன். சுவரில் தொங்கும் கோயில் காலண்டர் போதும். படுக்கப் போகும் முன் அன்றைய கட்டத்தில், மோசமான நாளென்றால் ஒரு பெருக்கல் குறி, இல்லையென்றால் ஒரு வட்டம், பக்கத்தில் அன்று கவலைப்பட்டது எதைப் பற்றி என்று ஒரே ஒரு சொல். அந்த அக்கா ஏப்ரலில் தன் காலண்டரைச் சுருட்டிக்கொண்டு வந்தார். முப்பது கட்டத்தில் பத்தொன்பது பெருக்கல். காரைப் பற்றி நான்குதான் இருந்தன. மீதியில் சர்க்கரை, மகள், மழை, மறுபடியும் மகள்.