மீன் கடைப் படத்துக்குப் பதில் சொல்லும்போது செய்யும் தவறுகள்

கடையில் நிற்பவர் மீனைப் படம் எடுத்து அனுப்புகிறார். கூட ஒரு வார்த்தை இல்லை, மிஞ்சிப்போனால் ஒரு கேள்விக்குறி. வீட்டில் இருப்பவர் பார்த்த கையோடு "வறுத்தா நல்லா இருக்கும்" என்று பதில் போடுகிறார். கடையில் நிற்பவர் கேட்க நினைத்ததோ மீன் பழசா என்று, இல்லாவிட்டால் இந்த விலைக்கு வாங்கலாமா என்று. மீன்காரர் கத்தியோடு காத்திருக்கிறார், பின்னால் இரண்டு பேர் நிற்கிறார்கள். அப்போது போய் சமையல் குறிப்பு.

நம் மனதில் ஓடுவதை வைத்து, அனுப்பியவரின் கேள்வியை முடிவு செய்துவிடுவதுதான் முதல் தவறு. படத்தையே கொஞ்சம் கவனித்தால் பாதி பதில் அதில் இருக்கும். தராசோ விலைப் பலகையோ உள்ளே வந்திருந்தால், அது தற்செயலாக இருக்க வாய்ப்பு குறைவு, விலைதான் உறுத்துகிறது. ஒரே ஒரு மீனின் தலையை நெருங்கி எடுத்திருந்தால் நல்ல மீனா என்ற சந்தேகம். கடை முழுக்கத் தெரிகிற மாதிரி எடுத்திருந்தால் எதை வாங்குவது, என்ன சமைப்பது என்ற யோசனை. எதுவும் பிடிபடாவிட்டால் கேட்டுவிடுங்கள், ஆனால் வெறும் "என்ன?" என்று கேட்டு நேரத்தைக் கடத்தாமல், "புதுசான்னு கேக்கிறியா, விலையா? எதுவா இருந்தாலும் செவுளைத் திறந்து ஒரு படம் அனுப்பு" என்று சேர்த்தே அனுப்பலாம். மூன்றில் எது கேள்வியாக இருந்தாலும் மீன் கெட்டதென்றால் மற்ற இரண்டுக்கும் வேலை இல்லை, அதனால் அதிலிருந்தே தொடங்குவது நல்லது.

அடுத்தது கொஞ்சம் ஆபத்தான தவறு: படத்தைப் பார்த்து "சூப்பர், ஃபிரெஷ்ஷா இருக்கு, வாங்கு" என்பது. படத்தை வைத்து ஒரு மீனை வேண்டாம் என்று சொல்ல முடியும், நல்லது என்று உறுதி சொல்ல முடியாது. வாடை படத்தில் வராது, சதையின் இறுக்கமும் வராது, அந்த மீன் காலையிலிருந்து ஐஸில் இருந்ததா வெயிலில் கிடந்ததா என்பதும் வராது. மிச்சம் இருப்பது நிறமும் பளபளப்பும்தான், அந்த இரண்டையும்தான் சுலபமாக மாற்ற முடியும். மேலே சிவப்புத் தார்ப்பாய் கட்டியிருந்தால் செவுளும் சதையும் ரத்தச் சிவப்பாகத் தெரியும். நாலு தரம் தண்ணீர் தெளித்தால் நேற்றைய மீனும் மினுங்கும். போதாததற்கு பல போன்கள் நிறத்தைத் தானாகவே தூக்கிக் காட்டும்.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். அக்கா அனுப்பியிருக்கிறார், இரண்டு கிலோ தேறும் ஒரு முழு மீன், ஐஸ் மேல் கிடக்கிறது, மேலே சிவப்புத் தார்ப்பாய். ஒரு பக்கக் கண் மட்டும் தெரிகிறது, அது லேசாக மங்கியிருக்கிறது. கண் மங்கியதும் "வேண்டாம்க்கா" என்று சொல்லத் தோன்றும். ஆனால் கண் நேராக ஐஸில் பட்டிருந்தால் நல்ல மீனுக்கும் மேல்படலம் வெளுத்துப் போகும். அதனால் மங்கலை மட்டும் பார்க்காமல் கண்ணின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். புது மீனின் கண் பொதுவாக வெளியே புடைத்து, நடுவில் கறுப்பாக இருக்கும், நாளாக நாளாகத் தட்டையாகி, பிறகு குழி விழும். குழி விழுந்து பால் போல வெளுத்திருந்தால் அங்கேயே விட்டுவிடலாம். புடைப்பு இருக்கிறது, மேலே மங்கல் மட்டும்தான் என்றால் அக்காவைத் திரும்ப வேலை வாங்க வேண்டியதுதான்.

மீனைத் தார்ப்பாய்க்கு வெளியே பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, செவுளைத் திறந்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளையோ துணியையோ வைத்து எடுக்கச் சொல்லுங்கள். படத்தில் வெள்ளைத் தாளே ரோஸ் நிறமாகத் தெரிந்தால் செவுளின் சிவப்பையும் நம்ப முடியாது. தாள் வெள்ளையாக இருந்து, செவுள் நல்ல சிவப்பாக, அதன் மேல் வழவழப்பு கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தால் சரி. பழுப்போ சாம்பலோ ஓடி, கொழகொழவென்று கலங்கிய சளி படிந்திருந்தால் வேண்டாம். அப்புறம் படமே தேவைப்படாத இரண்டு வேலை. முதுகுப் பக்கச் சதையை விரலால் அழுத்த வேண்டும், பள்ளம் உடனே மேலே வந்துவிட வேண்டும். செவுளுக்குள் மூக்கை வைத்து முகர வேண்டும், கடல் மீன் என்றால் கடல் வாசனையோ பாசி வாசனையோதான் வரவேண்டும், புளித்த வாடையோ மூக்கைக் குத்தும் நெடியோ கூடாது. இதை அக்காதான் செய்து சொல்ல வேண்டும், தம்பி வீட்டில் உட்கார்ந்துகொண்டு படத்தை எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் தெரியாது.

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி வகை மீன்களில் இன்னொரு விஷயம் இருக்கிறது. குளிர்ச்சி இல்லாமல் கிடந்தால் இவற்றின் சதையில் ஹிஸ்டமின் சேரும், முகம் சிவப்பது, தலைவலி, அரிப்பு, வாந்தி எல்லாம் அதனால் வரும். பார்வைக்கும் வாடைக்கும் பெரிய குறை தெரியாத மீனில்கூட அது இருக்கலாம், எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. ஆகவே இந்த மீன்களின் படம் வந்தால் மீனைவிட அது கிடக்கும் இடத்தைப் பாருங்கள்: ஐஸுக்குள் புதைந்திருக்கிறதா, வெறும் பலகையில் பரப்பியிருக்கிறதா? "சந்தேகமா இருந்தா காரமும் புளிப்பும் தூக்கலா போட்டுடு" என்ற யோசனையைச் சிலர் பெருந்தன்மையாகச் சொல்வார்கள். அது வாடையை மறைக்கும், அவ்வளவுதான்.

விலைக் கேள்விக்கு வருகிறேன். முழு மீனின் கிலோ விலையையும் சுத்தம் செய்த துண்டின் கிலோ விலையையும் நேருக்கு நேர் வைத்து "அநியாய விலை" என்று முடிவு கட்டுவதுதான் இதில் வழக்கமான தவறு. முழு மீனில் தலை, குடல், செதில், நடுமுள் போக வெறும் சதையாகத் தேறுவது பெரும்பாலும் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. அக்காவின் இரண்டு கிலோ மீனில் முள்ளில்லாத சதை 800 கிராமிலிருந்து ஒரு கிலோ வரை கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் முள்ளில்லாத சதையின் கிலோ விலை முழு மீனைப்போல இரண்டு மடங்கு இருந்தாலும் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். முள்ளோடு வெட்டிய துண்டு என்றால் கழிவு குறைவு, அதற்கு இரண்டு மடங்கு கேட்டால் அதிகம். எடை போட்டது சுத்தம் செய்வதற்கு முன்பா பின்பா என்று கேட்காமல் விலையைப் பற்றிப் பேசவே வேண்டாம். துண்டாக வாங்கும்போது கண்ணும் செவுளும் கையை விட்டுப் போகிறது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓரம் காய்ந்திருக்கிறதா, சதை அடுக்கடுக்காகப் பிளந்திருக்கிறதா என்று பார்ப்பதைத் தவிர படத்தில் வேறு துப்பு கிடைக்காது.

காய்கறிப் படத்துக்கு இவ்வளவு பாடு இல்லை. எல்லோரும் தோலின் மினுக்கத்தைப் பார்ப்பார்கள், அது தண்ணீரின் உபயமாக இருக்கலாம். காம்பையும் வெட்டிய அடிப்பக்கத்தையும் காட்டச் சொல்லுங்கள், காய் முதலில் காய்ந்து கறுப்பது பெரும்பாலும் அங்கேதான். உருளைக்கிழங்கில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். வெளிச்சத்தில் கிடந்து பச்சை ஓடிய கிழங்கில் சொலனின் என்ற நச்சு கூடியிருக்கலாம், வேகவைத்தாலும் அது சரியாகப் போகாது. மஞ்சள் விளக்கின் கீழ் எடுத்த படத்தில் அந்தப் பச்சை கண்ணில் படாமல் போகலாம், அதனால் இரண்டு கிழங்கை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து திருப்பிக் காட்டச் சொன்னால் போதும்.