ஒரு குறளை இரண்டு குரலில் வாசிப்பது எப்படி?

பாளையங்கோட்டையில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகள், ஒப்புவித்தல் போட்டிக்குக் குறள் படித்துக்கொண்டு போன மாதம் வீட்டுக்கு வந்தாள். ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள். ஆனால் அந்தக் குறளில் ஒருத்தி இன்னொருவனிடம் கோபமாகப் பேசுகிறாள் என்பது கேட்கிற யாருக்கும் தெரியாது. வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல இருந்தது. அன்று சாயங்காலம் அவளோடு திண்ணையில் உட்கார்ந்து செய்ததைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். பென்சில், ஒரு தாள், குரல் பதிவு செய்யக்கூடிய செல்போன், இவ்வளவு போதும்.

குறள் இது. பிரிவாற்றாமை அதிகாரத்தின் முதல் குறள், 1151:

செல்லாமை உண்டேல் எனக்குரை மற்றுநின்
வல்வரவு வாழ்வார்க் குரை

முதலில் சொல்லைப் பிரித்துக்கொள்ளுங்கள்

அச்சில் இருப்பது சீர் பிரிப்பு. அது வெண்பாவின் அளவுக்காகப் பிரித்தது, பொருளுக்காகப் பிரித்தது இல்லை. கடைசியில் "வாழ்வார்க் குரை" என்று நிற்பதைப் பார்த்துவிட்டு என் அக்கா மகள் "குரை" என்றே தனியாகச் சொன்னாள், நாய் குரைப்பதுபோல. அது "வாழ்வார்க்கு உரை". அதேபோல "எனக்குரை" என்பது "எனக்கு உரை", "மற்றுநின்" என்பது "மற்று நின்".

இதைத் தாளில் பிரித்து எழுதுங்கள்: செல்லாமை உண்டேல் எனக்கு உரை, மற்று நின் வல்வரவு வாழ்வார்க்கு உரை. செல்லாமை என்றால் போகாமல் இருப்பது. வல்வரவு என்றால் விரைவாகத் திரும்பி வருவது.

வீட்டுப் பேச்சில் சொல்லிப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். நிறுத்தமும் ஏற்ற இறக்கமும் இங்கேதான் பிறக்கின்றன.

பொருள் தேடும் கணவன் ஊரை விட்டுக் கிளம்புகிறான். "சீக்கிரம் வந்துவிடுவேன்" என்கிறான். அதற்குத்தான் இந்தப் பதில். நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ராத்திரி சென்னை ரயிலுக்குப் பெட்டி கட்டாத வீடு இங்கே குறைவு. அந்தப் பதிலை நம் பேச்சில் சொல்லச் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"போவலைன்னா என்ட்ட சொல்லுங்க. வெரசா வந்துருவேங்கத, அன்னைக்கு உசிரோட இருக்கவங்கட்ட சொல்லுங்க."

சொல்லும்போதே அவள் குரல் மாறிவிட்டது. "சொல்லுங்க" என்ற இடத்தில் பட்டென்று நின்றாள். "உசிரோட" என்ற சொல்லுக்கு முன்னால் தானாக ஒரு மூச்சு எடுத்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இதைச் செல்போனில் பதிவு செய்து வைத்துக்கொண்டோம். இனிச் செய்யப்போவதெல்லாம் அந்த நிறுத்தங்களைக் குறளுக்குள் கொண்டுபோவதுதான்.

நிறுத்தத்தைக் குறியுங்கள்

"சித்தி, வரி முடிஞ்சா நிறுத்தணும்லா?" என்று கேட்டாள். பெரும்பாலானவர்கள் தடுக்குவது இங்கேதான். முதலடி "மற்றுநின்" என்று முடிகிறது. அங்கே நிறுத்தினால் "நின்", அதாவது "உன்னுடைய", அந்தரத்தில் தொங்கும். உன்னுடைய எது? அடுத்த அடியில் உள்ள "வல்வரவு" வந்தால்தான் அது முடியும். ஆக, அடி முடிகிற இடத்தில் நிறுத்தக் கூடாது. அடிக்கு நடுவில், "எனக்குரை" முடிந்ததும் நிறுத்த வேண்டும்.

ஒரு கோடு என்றால் சின்ன நிறுத்தம், இரண்டு கோடு என்றால் பெரிய நிறுத்தம் என்று வைத்துக்கொண்டோம்:

செல்லாமை உண்டேல் | எனக்குரை || மற்றுநின்
வல்வரவு | வாழ்வார்க்குரை

முதலடியின் கடைசியிலிருந்து இரண்டாம் அடியின் தொடக்கத்துக்குப் பென்சிலால் ஒரு வளைகோடு போட்டு இணைத்துவிடுங்கள். கண் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டால் மூச்சு அறாது. பெரிய நிறுத்தத்திலேயே மூச்சை எடுத்துக்கொண்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் "வல்வரவு" வருவதற்குள் காற்று தீர்ந்து, வேண்டாத இடத்தில் நிற்க நேரும்.

கடைசியில் "வாழ்வார்க்கு | உரை" என்று நிறுத்தலாமா? பொருள் தெளிவாகும் என்பது உண்மை. ஆனால் "கு" தனியாக ஒலித்தால் வெண்பாவின் தளை அறுந்து, அடி ஓர் அசை கூடி நொண்டும். காதுக்கே தெரியும். அதனால் "வாழ்வார்க்குரை" என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். "வாழ்வார்" என்பதில் அழுத்தம் வேண்டுமென்றால் அதற்கு முன்னால் நிறுத்துங்கள், பின்னால் வேண்டாம்.

வேகம் குறளுக்குள்ளேயே இருக்கிறது

இப்போது நெடில் எழுத்துகளை மட்டும் வட்டம் போடுங்கள். "செல்லாமை"யில் லா. "உண்டேல்" என்பதில் டே. அதற்கப்புறம் "எனக்குரை மற்றுநின் வல்வரவு" மூன்று சீருக்கும் ஆகாரமோ ஏகாரமோ ஓகாரமோ கிடையாது. உள்ள ஒரே ஐகாரமும் சொல்லின் கடைசியில் குறுகித்தான் ஒலிக்கிறது. பிறகு "வாழ்வார்" என்று இரண்டு ஆகாரம் அடுத்தடுத்து வருகிறது.

எனக்கு இந்தக் குறளில் மிகவும் பிடித்த இடம் இதுதான். விரைவான வரவைச் சொல்லும் சொல்லே குறிலாக ஓடுகிறது. உயிரோடு இருப்பதைச் சொல்லும் சொல்லில் ஓட முடியாது, நாக்கு நிற்கிறது. ஆகவே "மற்றுநின் வல்வரவு" என்பதை விரைவாகச் சொல்லுங்கள், அவன் சொன்னதை அவனிடமே திருப்பி வீசுவதுபோல. சின்ன நிறுத்தம். அப்புறம் "வாழ்வார்" என்பதை நிதானமாக.

ஒரு எச்சரிக்கை. உணர்ச்சி வேண்டுமென்று குறிலை இழுக்காதீர்கள். "எனாக்குரை", "வல்வராவு" என்று மேடையில் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தமிழில் குறில் நெடிலானால் சொல்லே மாறிவிடும். இழுக்க வேண்டுமானால் நெடிலை இழுங்கள், அதுவும் கொஞ்சம்.

பேசுகிறவள் யார் என்று முடிவு செய்யுங்கள்

குரலின் ஏற்ற இறக்கத்தைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. யார் பேசுகிறாள் என்று தெரியாமல் அதை முடிவு செய்ய முடியாது. பரிமேலழகர் இதைத் தலைவனிடம் தோழி சொன்னதாகக் கொள்கிறார். தலைவியே சொன்னதாகப் படிப்பவர்களும் உண்டு. இரண்டையும் வாசித்துப் பார்த்தோம்.

தோழி என்றால் அவள் வழக்காடுகிறாள். "செல்லாமை உண்டேல்" என்பதை நடுத்தரக் குரலில் தொடங்கி, "உண்டேல்" முடியும்போது குரலை மேலேயே வைத்திருங்கள். "உண்டேல்", அதாவது "இருந்தால்", இன்னும் முடியாத சொல். அங்கே குரல் இறங்கினால் பேச்சு முடிந்ததுபோலக் கேட்கும். "எனக்குரை" என்பதில் குரலைக் கீழே இறக்கிவிடுங்கள். நம் திருநெல்வேலிப் பேச்சில் வாக்கியத்தின் கடைசியைக் கொஞ்சம் தூக்குகிற பழக்கம் உண்டு. இங்கே தூக்கினால் கேள்வியாகவோ கெஞ்சலாகவோ ஆகிவிடும். தோழி கெஞ்சவில்லை. பெரிய நிறுத்தம் இங்கேதான், ஒரு வினாடிக்குக் குறையாமல். அவன் பதில் சொல்லட்டும் என்று அவள் காத்திருக்கிறாள். பதில் வரவில்லை என்றதும் "மற்றுநின்" என்று தொடங்குகிறாள்.

தலைவி என்றால் அவளுக்கு வாதாட வலுவில்லை. குரல் தாழ்ந்து தொடங்கும், மெதுவாகப் போகும். "எனக்குரை"க்குப் பிறகு நிறுத்தம் சிறியது. பெரிய நிறுத்தம் இடம் மாறி "வாழ்வார்" என்பதற்கு முன்னால் வந்துவிடும். அந்தச் சொல்லைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அப்போது நான் இருக்க மாட்டேன் என்பதல்லவா அதன் பொருள்?

செல்லாமை உண்டேல் | எனக்குரை | மற்றுநின்
வல்வரவு || வாழ்வார்க்குரை

"மற்று" என்ற சிறு சொல்லையும் கவனியுங்கள். தொல்காப்பியம் அதற்கு இரண்டு வேலை சொல்கிறது. ஒன்று வினைமாற்று, அதாவது "அது இல்லை என்றால்" என்று பேச்சைத் திருப்புவது. இன்னொன்று வெறும் அசைநிலை, அதாவது தனிப்பொருள் இல்லாமல் வருவது. தோழியின் வாசிப்பில் அதைச் சற்று உயர்த்திச் சொல்கிறோம், பேச்சு திரும்புகிறது. தலைவியின் வாசிப்பில் அது எடையில்லாமல் கடந்துபோகிறது. இலக்கணம் விட்டுவைத்த இடத்தில் குரல் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது.

பதிவைக் கேட்டுச் சரிபாருங்கள்

மூன்று பதிவு வேண்டும்: முதலில் ஒப்பித்தது, தோழி, தலைவி. எங்கள் பதிவில் ஒப்பித்தது 5 வினாடி, தோழி 8, தலைவி 10. தலைவியின் வாசிப்பு 15 வினாடியை எட்டினால் குறளின் ஓசை சிதறிவிட்டது என்று அர்த்தம். நிறுத்தத்தைக் குறையுங்கள், சொற்களை அல்ல.

அடுத்து, குறளை முன்பே அறியாத ஒருவரிடம் போட்டுக் காட்டுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். "இவ யார்ட்ட பேசுதா? கோவமா, வருத்தமா?" என்று மட்டும் கேளுங்கள். இரண்டு பதிவுக்கும் ஒரே பதில் வந்தால் உங்கள் வித்தியாசம் உங்கள் மனத்தில் மட்டும்தான் இருக்கிறது. பெரும்பாலும் காரணம் பெரிய நிறுத்தம் போதாததுதான். வாசிப்பவருக்கு ஒரு வினாடி மிக நீளமாகத் தோன்றும், அதனால் நம்மை அறியாமல் பாதியாக்கிவிடுவோம். "அழுதா" என்று பதில் வந்தால் குரல் நடுக்கத்தைக் கூட்டியிருப்பீர்கள், அதை விட்டுவிட்டுத் திரும்பப் பதியுங்கள்.

நாங்கள் ஆச்சியிடம் போட்டுக் காட்டினோம். தோழியின் வாசிப்பைக் கேட்டு, "யாரோ வீட்டுக்காரன்ட்ட சண்டை போடுதா" என்றாள். தலைவியின் வாசிப்பு முடிந்ததும் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னாள். அப்புறம், தாத்தா பம்பாய்க்குப் போன வருஷத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.