கம்பெனிப் பெயரை மேடையில் அறிவிப்பது எப்படி: இணை நிறுவனருக்கான ஆறு நிமிடப் பேச்சு

ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ ஒரு சின்ன ஹால், ஐம்பது நாற்காலி, வாடகைக்கு எடுத்த மைக் செட். வடசென்னையில் தொடங்கும் சின்னக் கம்பெனிகளின் அறிமுக விழா பெரும்பாலும் இந்த அளவில்தான் நடக்கும். அதில் கம்பெனியின் பெயரை முதன்முறையாகச் சொல்லி, அந்தப் பெயர் வந்த கதையையும் சொல்லும் பொறுப்பு உங்களுக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேடையில் பேசிப் பழக்கம் இல்லாத ஒருவர் இதை எப்படித் தயாரிப்பது என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

விளக்குவதற்கு வசதியாக ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்கிறேன். இரண்டு நண்பர்கள், காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருவில் விற்கும் பெண்களுக்கு, ஐஸ் சீக்கிரம் உருகாத பெட்டிகளைத் தினவாடகைக்குக் கொடுக்கப்போகிறார்கள். கம்பெனியின் பெயர் ‘நாலரை’. ஒருவரின் அம்மா மீன் ஏலத்துக்கு வீட்டை விட்டுக் கிளம்பும் நேரம் அது. மேடையில் பேசப்போகிறவர் அந்த மகன்.

படி 1: பெயர் உங்கள் கையில் இருக்கிறதா?

பேச்சை எழுத உட்காருவதற்கு முன் இதைச் சரிபாருங்கள். பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால், மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் SPICe+ படிவத்தின் முதல் பகுதியில் பெயருக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெயர் ஏற்கப்பட்டால் 20 நாட்கள் உங்களுக்காக ஒதுக்கி வைப்பார்கள். அதற்குள் கம்பெனியைப் பதிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் கட்டணம் கட்டி நாளை நீட்டிக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள பெயரைப் போலவே இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். அது மேடையில் அறிவித்த பிறகு வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒதுக்கீடு வந்த பிறகே விழாத் தேதியைக் குறியுங்கள். வணிகக் குறி தேடலையும், இணைய முகவரி வாங்குவதையும் அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

மேடையில் திறக்கப்போகும் பெயர்ப் பலகையிலும் கவனம் வேண்டும். வணிகக் குறிப் பதிவு கிடைப்பதற்கு முன் பெயருக்குப் பக்கத்தில் ® போடக்கூடாது, அது சட்டப்படி குற்றம். ™ போடலாம். பேச்சிலும் ‘பதிவு பெற்ற பிராண்ட்’ என்று வாய் தவறிக்கூடச் சொல்லாதீர்கள்.

படி 2: கதையில் ஒரே ஒரு காலையைத் தேர்ந்தெடுங்கள்

பெரும்பாலான பேச்சுகள் தடுக்கி விழுவது இங்கேதான். கல்லூரியில் சந்தித்தது, வேலையை விட்டது, கடன் வாங்கியது, முதல் பெட்டி உடைந்தது என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லத் தோன்றும். கேட்பவருக்கு அதில் எதுவும் நிற்காது. பெயர் எந்த இடத்திலிருந்து வந்ததோ அந்த ஒரு காட்சி மட்டும் போதும்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நீங்களும் பார்ட்னரும் தனித்தனியே உட்கார்ந்து ‘இந்தப் பெயர் ஏன்?’ என்ற கேள்விக்கு ஐந்து வரியில் பதில் எழுதுங்கள். பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் வருகிற காட்சிதான் உங்கள் கதை. ஒன்றுமே பொருந்தவில்லை என்றால், பெயர் வைத்த பிறகு யாரோ காரணம் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று பொருள். அந்தக் காரணத்தை மேடையில் சொல்லாதீர்கள். ‘வாயில் எளிதாக வந்தது, எங்கள் இரண்டு பேருக்கும் பிடித்தது’ என்று உண்மையைச் சொன்னால் போதும். நண்பர்களும் உறவினரும் உட்கார்ந்திருக்கும் சபையில் ஜோடித்த கதை உடனே தெரிந்துவிடும்.

காட்சி கிடைத்ததும் அதில் கண்ணுக்குத் தெரிகிற பொருள்களை எழுதுங்கள். ‘அம்மா ரொம்பக் கஷ்டப்பட்டாங்க’ என்ற வரியை எந்த மேடையிலும் கேட்கலாம். ‘பதினோரு மணிக்கு மேல பெட்டியில ஐஸ் இருக்காது, தண்ணிதான் இருக்கும். சங்கரா மீனோட கண்ணு வெளுத்துடும்’ என்பது மீன் விற்றவர் வீட்டில் மட்டும் வருகிற வரி. மீன் வாங்கத் தெரிந்த எவரும் கண்ணையும் செவுளையும்தான் முதலில் பார்ப்பார்கள். கண் வெளுத்தது என்று சொன்னவுடனே, நஷ்டம் என்ன என்பது உங்கள் சபைக்கு விளங்கிவிடும்.

இன்னொன்றை மறக்கவே கூடாது. இது அம்மாவின் கதை. விழாவுக்கு முன்பே அவரிடம் வரி வரியாகப் படித்துக் காட்டி அனுமதி வாங்குங்கள். மிஞ்சிய மீனைப் பாதி விலைக்குக் கொடுத்ததைச் சொந்தக்காரர்கள் முன்னால் சொல்வது அவருக்குச் சங்கடமாக இருக்கலாம். வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள், அந்த வரி இல்லாமலும் கதை நிற்கும்.

படி 3: பெயரை நான்காம் நிமிடத்தில் வையுங்கள்

எழுந்தவுடனே ‘எங்கள் கம்பெனியின் பெயர் நாலரை’ என்று சொன்னால், அது என்னவென்று சபைக்குப் புரியாது. பிறகு வரும் கதை விளக்கவுரையாகிவிடும். கடைசி வரியில் சொன்னாலும் சிக்கல்தான். கைதட்டலோடு எழுந்து டிபன் பக்கம் போய்விடுவார்கள், பெயர் மனதில் பதிய நேரம் கிடைக்காது. ஆறு நிமிடப் பேச்சில் நான்காம் நிமிடம் சரியான இடம். அதற்கு முன் கதை, அதற்குப் பின் கம்பெனி என்ன செய்யப்போகிறது என்பது.

பெயராகப் போகிற சொல்லைத் தொடக்கத்தில் ஒரு தடவை, சாதாரணமாக, கதையோடு கதையாகச் சொல்லிவிடுங்கள். யாரும் கவனிக்க மாட்டார்கள். பிறகு அதே சொல் பெயராக வரும்போது, தெரிந்த ஆளைப் பார்த்ததுபோல இருக்கும். ஒரு தடவைக்கு மேல் சொன்னால் முன்வரிசையில் இருப்பவர் ஊகித்துவிடுவார்.

நம் உதாரணத்தில் பெயர் வரையிலான பகுதி, சுருக்கமாக, இப்படி வரும்:

> எல்லாருக்கும் வணக்கம். எங்க அம்மா காசிமேட்டுல மீன் எடுத்து, வண்ணாரப்பேட்டையில தெருத்தெருவா விக்கிறவங்க. தினமும் காலையில நாலரைக்குக் கிளம்புவாங்க. அன்னக்கூடை சத்தத்துலதான் நான் முழிப்பேன்.
>
> ஏலத்துல மீன் எடுத்து, தெர்மாகோல் பெட்டியில ஐஸ் போட்டு வருவாங்க. பதினோரு மணிக்கு மேல அந்தப் பெட்டியில ஐஸ் இருக்காது, தண்ணிதான் இருக்கும். சங்கராவோட கண்ணு வெளுத்துடும். அப்புறம் சொன்ன விலைக்கு யாரும் வாங்க மாட்டாங்க.
>
> இதை என் பார்ட்னர்கிட்ட சொன்னேன். அவர் மறுநாள் ஒரு தெர்மாமீட்டரோட அம்மா கூடவே கிளம்பிட்டார். எந்தத் தெருவுல, எத்தனை மணிக்கு, பெட்டிக்குள்ள எவ்வளவு சூடுன்னு எழுதிக்கிட்டே நடந்தார். எங்க பெட்டி அந்த நோட்டுல இருந்துதான் வந்துச்சு.
>
> அம்மா கிளம்புற அந்த நேரத்தை நாங்க மறக்கக்கூடாது. அதனால அதையே எங்க கம்பெனிக்குப் பேரா வச்சிருக்கோம்.
>
> நாலரை.

கடைசிக்கு முந்தைய வரி முடிந்ததும் மூச்சு ஒன்றை முழுதாக இழுத்து விடும் அளவுக்கு நிறுத்துங்கள். பெயரைத் தனியாக, குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள். சொன்ன பிறகு கைதட்டல் அடங்கும்வரை பேசாதீர்கள்.

பெயருக்குப் பிறகு மூன்றே செய்திகள்: பெட்டி என்ன செய்யும், யாருக்கு, என்றைக்கிலிருந்து. இந்தப் பகுதியில் பெயர் இன்னும் இரண்டு முறையாவது வர வேண்டும். ‘எங்கள் நிறுவனம்’ என்று எழுதிய இடத்திலெல்லாம் ‘நாலரை’ என்று மாற்றுங்கள், வேலை முடிந்தது.

படி 4: காதில் எப்படி விழுகிறது?

சபை உங்கள் பெயரைப் படிப்பதற்கு முன் கேட்கிறது. ‘நாலரை’ என்று நீங்கள் சொல்வதை ‘நாலறை’ என்று ஒருவர் எழுதிக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் தேடும்போது ஒருவர் naalarai என்றும் இன்னொருவர் nalarai என்றும் தட்டுவார். அதனால் பெயரைச் சொன்ன சில விநாடிகளுக்குள் பலகையின் துணியை விலக்கச் சொல்லுங்கள். சொல்வதற்கு முன் விலக்கினால் உங்கள் வரி வீணாகிவிடும். துணியை இழுப்பவருக்கு அடையாளம் நீங்கள் சொல்லும் பெயரேதான், வேறு சைகை வேண்டாம். துணி ஆணியில் மாட்டாமல் வருகிறதா என்று முன்கூட்டியே இழுத்துப் பாருங்கள். பலகையில் தமிழ் எழுத்து பெரிதாக இருக்கட்டும், கடைசி வரிசைக்கும் படிக்கத் தெரிய வேண்டும்.

விழாவுக்கு முன், பெயர் தெரியாத ஒருவருக்குப் போன் செய்து அதைச் சொல்லி, எழுதி அனுப்பச் சொல்லுங்கள். தவறாக வந்தால் பேச்சில் ஒரு வரி சேருங்கள்: ‘மணி நாலரை, அதே நாலரை.’

படி 5: நான், நாங்கள், நாம்

இணை நிறுவனர் பேசும்போது கதை ஒருவருடையது, கம்பெனி இருவருடையது. வீட்டுக்கதைக்கு ‘நான்’, கம்பெனி முடிவுகளுக்கு ‘நாங்கள்’. ‘நாம்’ என்றால் எதிரில் இருப்பவரும் சேர்ந்துவிடுவார். ‘நாம் பெட்டி செய்தோம்’ என்று சொல்லாதீர்கள், அவர்கள் செய்யவில்லை. ‘நம்ம காசிமேடு’ என்றால் சரி.

பார்ட்னரைப் பற்றி ‘அவர் இல்லையென்றால் நான் இல்லை’ என்பதைவிட, அவர் செய்ததில் நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்லுங்கள். மேலே அந்தத் தெர்மாமீட்டர் அதற்காகத்தான்.

படி 6: பெயர் கசியும் இடங்கள்

அழைப்பிதழ், கேக், சட்டை, ஊழியர் கழுத்தில் தொங்கும் அட்டை, வாசல் பேனர். நடைமுறையில் அதிகம் கசிவது பேனர் கடைக்காரர் அனுப்பும் மாதிரிப் படத்திலிருந்துதான். அது குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போனால் அன்றைக்கே பாதிச் சபைக்குத் தெரிந்துவிடும். ஒருவர் எண்ணுக்கு மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். வரவேற்புரை சொல்பவரிடமும் தொகுப்பாளரிடமும், உங்களுக்கு முன்னால் பெயரை உச்சரிக்க வேண்டாம் என்று நேரிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 7: ஒத்திகை

தாளைப் பார்க்காமல் இரண்டு இடங்களை மனப்பாடம் செய்யுங்கள்: முதல் இரண்டு வரி, பெயருக்கு முந்தைய வரி. மீதிக்குக் குறிப்பு கையில் இருக்கலாம். முழுப் பேச்சையும் போனில் பதிவு செய்து கேளுங்கள். ஆறு நிமிடத்தைத் தாண்டினால் கதையில் கை வைக்காதீர்கள், விருந்தினரை விளிக்கும் பட்டியலைக் குறையுங்கள். ‘மேடையில் வீற்றிருக்கும்’ என்று தொடங்கி ஒவ்வொரு பெயராகச் சொன்னால் ஒரு நிமிடம் அதிலேயே போய்விடும். பெயர்களை வரவேற்புரையில் ஒருவர் சொல்லட்டும், நீங்கள் ‘எல்லாருக்கும் வணக்கம்’ என்று தொடங்கினால் மரியாதைக் குறைவு ஆகாது.

ஹாலில் ஒரு முறையாவது, விழா நேரத்திலேயே மைக்கோடு பேசிப் பாருங்கள். திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய இடமென்றால் லாரி ஹாரன் எந்நேரமும் வரும். பெயருக்கு முந்தைய நிறுத்தத்தில் ஹாரன் அடித்தால், அது போகும்வரை காத்திருந்து அந்த வரியை மறுபடி சொல்லி, பிறகு பெயரைச் சொல்லுங்கள். கரண்ட் போனால் மைக்கைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி முன்னால் வாருங்கள். ஐம்பது பேருக்கு உங்கள் குரலே போதும்.

பேச்சு முடிந்ததும் மேடையிலேயே நிற்காமல் பலகைப் பக்கம் போய் நில்லுங்கள். வாடகை எவ்வளவு, முன்பணம் உண்டா, பெட்டி எங்கே கிடைக்கும் என்று கேட்க வருகிறவர்கள் அங்கேதான் வருவார்கள். பெயரும் போன் எண்ணும் எழுதிக்கொள்ள நோட்டும் பேனாவும் அங்கே தயாராக இருக்கட்டும்.