தரம்பார்த்தல் அறிக்கையில் நான் மாட்டியது

முதலாண்டு வேதியியல் அறிக்கையில், தரம்பார்த்தலில் அமிலத்துக்குத் தேவையான காரம் சரியாகச் சேர்ந்துவிடும் ‘சமான நிலை’க்குப் பாடநூல் வரையறையை எடுத்து, ‘வினைபுரியும்’ என்பதை ‘வினையில் ஈடுபடும்’ என்று மாற்றி எழுதியிருந்தேன். வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே இருந்தது. ஆசிரியர் அடிக்கோடிட்டு, “சட்டைதான் மாறியிருக்கு” என்றார்.

அடுத்த முறை புத்தகத்தை மூடிவிட்டு, என் பியூரெட்டில் என்ன நடந்தது என்பதிலிருந்து தொடங்கினேன். குடுவையில் ஆக்சாலிக் அமிலம், மேலிருந்து சோடியம் ஹைட்ராக்சைடு, நிறங்காட்டியாக பினாப்தலீன். எழுதியது இது: “காரத்தைச் சேர்க்கச் சேர்க்க, வெளிர் இளஞ்சிவப்பு நிலைத்து நின்றதும் அமிலமும் காரமும் சம மோல் ஆகிவிட்டன.”

சொந்த நடைதான். ஆனால் தப்பு! புத்தகத்தைத் திறந்து ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது. ஒரு மோல் ஆக்சாலிக் அமிலத்துக்கு இரண்டு மோல் காரம் வேண்டும். தவிர, நிறம் மாறுவது முடிவு நிலை. அது சமான நிலையைச் சற்றுத் தாண்டித்தான் கண்ணுக்குத் தெரியும்.

திருத்தியது: “ஒவ்வொரு மோல் ஆக்சாலிக் அமிலத்துக்கும் சரியாக இரண்டு மோல் காரம் சேர்ந்த கணமே சமான நிலை. அதைக் கண்ணால் பார்க்க முடியாது. நிறம் மாறும் முடிவு நிலையை அதற்குப் பதிலாகக் குறிக்கிறோம்.”

‘சமான நிலை’, ‘மோல்’ போன்ற கலைச்சொற்களை மாற்றவில்லை. மாற்றினால் பொருள் கெடும். அவை தவிர நான்கு சொற்கள் தொடர்ந்து புத்தகத்தோடு ஒத்துப்போனால் அந்த வாக்கியத்தை மறுபடி எழுதுவேன். கருத்து புத்தகத்துடையது என்பதால் அதன் பெயரையும் பக்க எண்ணையும் எப்படியும் போட்டுவிடுவேன்.